வலி மருந்தான மார்பினின் அளவை ஏன் கூட்டவில்லை: நாள்பட்ட முதுகுவலியோடு வாழும் ஒருவருக்கு மருத்துவர் எழுதிய கடிதம்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் நீங்கள் என் அறையிலிருந்து எழுந்து போனபோது, "இந்த முறையும் முடியாது என்றுதானே சொல்லப்போகிறீர்கள்?" என்று கேட்டீர்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தாலும் அன்று நான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். வெளியே வரிசை நீண்டிருந்தது, எனக்கும் பொறுமை குறைந்திருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கணவரும் படித்தால் நல்லது.

நீங்கள் பயந்துகொண்டிருக்கும் இரண்டு விஷயங்களை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். உங்கள் வலி உண்மையானது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இப்போது நீங்கள் எடுக்கும் மார்பினை நான் நிறுத்தப்போவதும் இல்லை. காலையில் ஒரு 30 மில்லிகிராம் மாத்திரை, இரவில் ஒன்று, ஆக நாளுக்கு 60 மில்லிகிராம் தொடரும். நீங்கள் கேட்டது மூன்றாவது மாத்திரை. அதற்குத்தான் மறுப்பு.

உங்கள் பழைய குறிப்பேட்டை எடுத்து மறுபடி படித்தேன். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீடித்த வலிக்காக மார்பின் தொடங்கியபோது நாளுக்கு 20 மில்லிகிராம். பத்துக்கு எட்டு என்றிருந்த வலி நான்காக இறங்கியது. பத்து நிமிடம் நடந்தவர் அரைமணி நேரம் நடந்தீர்கள், தையல் இயந்திரத்தின் முன் மறுபடி உட்கார்ந்தீர்கள். நல்ல பலன். எட்டு மாதத்தில் வலி ஏழுக்குத் திரும்பியது, நான் 40 ஆக்கினேன். இம்முறை ஐந்துக்கு இறங்கியது, ஆனால் மூன்று மாதம்தான் நின்றது. பிறகு 60 ஆக்கினேன். ஆறுக்கு இறங்கி, ஐந்தாவது வாரமே ஏழைத் தாண்டிவிட்டது. இன்று எட்டு. நடை மறுபடி பத்து நிமிடம். தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள்.

மருந்து மூன்று மடங்காகியிருக்கிறது. வலி புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை கூட்டியபோதும் கிடைத்த நிம்மதி முந்தையதைவிடச் சிறியது, சீக்கிரம் தீர்ந்தும் போனது. கூட்டியவன் நான்தான். அந்த இரண்டாவது கூட்டலை இன்று கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

இது ஏன் நடக்கிறது? மார்பினும் அதன் உறவுக்கார மருந்துகளும் ஓபியாய்டு வகை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களின் மேல் இவற்றுக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. மருந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டால் வலிச் செய்தி மேலே போவது தணிகிறது. ஆனால் நாள்தோறும், மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. ஏற்பிகள் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, மிச்சமுள்ளவை மந்தமாகின்றன. அதே அளவு மருந்துக்குப் பழைய பலன் இல்லை. உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறோம். இதற்கும் மனவலிமைக்கும் தொடர்பு கிடையாது. அட்டையில் எழுதியபடி நேர்மையாக மருந்து எடுத்தவருக்கும் வரும், உங்களுக்கு வந்ததுபோல.

பழகுவது மட்டும்தான் சிக்கல் என்றால், இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பதில் நியாயம் இருக்கும். இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கலாம். நீண்டகாலம் ஓபியாய்டு எடுப்பவர்கள் சிலருக்கு, வலியை அடக்க வேண்டிய மருந்தே நரம்பு மண்டலத்தைக் கூசவைத்துவிடுகிறது. வானொலியின் ஒலியைக் குறைக்கத் திருகியவர் தெரியாமல் கூட்டிக்கொண்டே போவதுபோல. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அடையாளங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வலி பழைய இடத்தை விட்டுப் பரவும், அதன் தன்மை மாறும், முன்பு வலிக்காத தொடுதல்கூட வலிக்கும். மருந்தைக் கூட்டினால் சில நாள் தணிந்து, பிறகு மோசமாகும்.

உங்கள் வலி இடுப்புக்கு மேலே ஒரு கையளவு இடத்தில் இருந்தது. இப்போது தோள்பட்டையும் இரண்டு தொடைகளும் வலிக்கின்றன என்கிறீர்கள். ரத்தம் எடுத்த ஊசிக்குக் கண்ணில் நீர் வந்தது. போர்வை உரசினால் எரிகிறது. இதை உறுதியான முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பலத்த சந்தேகம் இருக்கிறது. வேறு புதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று உங்கள் கால் வலுவையும் தொடு உணர்வையும் அவ்வளவு நேரம் சோதித்தேன். காய்ச்சல், எடைக்குறைவு, சிறுநீர் அடக்க முடியாமை எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை. இனிமேல் கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். அது இந்தக் கடிதம் பேசும் வலியே அல்ல.

உங்கள் குறிப்பேட்டில் வேறொன்றும் கண்ணில் பட்டது. வலி மிக மோசமாகும் நேரம் என்று நீங்கள் குறித்திருப்பது பெரும்பாலும் மாலை ஏழிலிருந்து ஒன்பது. கூடவே கொட்டாவி, மூக்கில் நீர், வியர்வை, காரணமில்லாத பதற்றம். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, இரவு ஒன்பதுக்கு அடுத்தது. அதாவது பகலில் பதினான்கு மணிநேர இடைவெளி. உங்கள் மாத்திரை ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. மாலை ஏழு மணிக்கே மருந்தின் வேகம் தணிந்துவிடுகிறது. அதற்குப் பழகிய உடல் தவிக்கத் தொடங்குகிறது. அந்தத் தவிப்பில் வலியும் சேர்ந்தே ஏறும். ஒன்பது மணிக்கு மாத்திரை விழுங்கியதும் எல்லாம் அடங்குவதால், "இந்த மருந்து இல்லாவிட்டால் நான் இல்லை, இன்னொன்று கூடக் கிடைத்தால்" என்று தோன்றுவது இயல்பு. அந்த நிம்மதியின் ஒரு பகுதி, மருந்தே உண்டாக்கிய தவிப்பை மருந்து அடக்கியது. இதற்குத் தீர்வு மூன்றாவது மாத்திரை இல்லை. நாளையிலிருந்து காலை ஏழு, மாலை ஏழு என்று எடுங்கள். மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். உடைத்தால் பன்னிரண்டு மணிநேர மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

கூட்டினால் என்ன ஆகும் என்பதை நேரடியாகச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளியானது. நாள்பட்ட வலியுள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தேவைக்கேற்பத் தாராளமாக அளவைக் கூட்டினார்கள், மற்றதில் கட்டுப்படுத்தி வைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு வழக்கமான வலியிலும் அன்றாட வேலைத் திறனிலும் இரு குழுக்களும் வேறுபடவில்லை. கூட்டிய குழுவினர் 'நிவாரணம் கொஞ்சம் பரவாயில்லை' என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சிறு லாபத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஓபியாய்டு எடுப்பவர்களில் எத்தனை பேர் அளவு மிஞ்சி ஆபத்துக்கு உள்ளானார்கள் என்று கணக்கெடுத்தது. மார்பினுக்கு ஈடான அளவாக மாற்றிப் பார்த்து, நாளுக்கு 20 மில்லிகிராமுக்குள் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், 50 முதல் 99 வரை எடுத்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு, 100-க்கு மேல் ஏறியவர்களுக்கு ஒன்பது மடங்கு. மடங்குக் கணக்கு பயமுறுத்தும் என்பதால் முழுக் கணக்கையும் சொல்கிறேன்: அதிக அளவு எடுத்த நூறு பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதலும் 50-ஐத் தாண்டும்போது நிதானித்து யோசிக்கச் சொல்கிறது. நீங்கள் 60-இல் இருக்கிறீர்கள். கேட்டது 90.

இது எல்லோருக்குமான கணக்கு. உங்களுக்கென்று இரண்டு விஷயங்கள் கூடுதலாக இருக்கின்றன, உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அவைதான். உங்கள் கணவர் போகிற போக்கில், "இரவில் குறட்டை நடுவில் நின்றுவிடுகிறது, பிறகு திணறி மூச்சு வாங்குகிறாள்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். மார்பின் மூச்சுவிடும் தூண்டுதலையே தணிக்கும் மருந்து. தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு தடைபடுபவருக்கு அது இரட்டைச் சுமை. இரண்டாவது, தூக்கத்துக்கென்று வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம். அதுவும் மார்பினும் சேர்ந்தால் தனித்தனியாக உண்டாக்கும் மயக்கத்தைவிட அதிகமாகி மூச்சு அடங்கிவிடலாம். இந்தச் சேர்க்கைக்கு எதிராக 2016-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதற்காக அல்பிரசோலத்தை இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அந்த மருத்துவரோடு பேசி எழுதித் தருகிறேன். அதுவரை அளவைக் கூட்ட வேண்டாம்.

மலச்சிக்கல், பகல் தூக்கம், மாதவிடாய் மாறுதல் பற்றியெல்லாம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இவற்றில் மருந்துக்கும் பங்கிருக்கலாம். உடல் மற்ற சில பக்கவிளைவுகளுக்குப் பழகலாம், மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் பழகாது. மார்பின் எடுக்கும்வரை மலமிளக்கி தினமும் வேண்டும், சிக்கல் வந்தபின் எடுப்பது போதாது.

சரி, அப்படியானால் வேறென்ன?

ஒரு வார்த்தை முன்கூட்டியே. மார்பினுக்குப் பதிலாகச் சொல்லப்படும் எதையும் கேட்டு 'இரண்டாந்தரம்' என்று முகம் சுளிக்கிறீர்கள். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாள்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானமோ உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்கு ஓபியாய்டு மருந்துகளும், மற்றதற்கு ஓபியாய்டு அல்லாத மருந்துகளும் கொடுத்தார்கள். ஓராண்டில் அன்றாட வேலைத் திறன் இரண்டிலும் ஒன்றுதான். வலி அளவு ஓபியாய்டு அல்லாத குழுவில் சற்றே குறைவு, பக்கவிளைவும் குறைவு. அவர்கள் உங்களைப்போல ஏற்கெனவே ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மருந்தில் நான் சேர்க்க நினைப்பது டுலோக்செட்டின். மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து என்பதால் பெட்டிக்குள் உள்ள தாளைப் படித்துவிட்டு, "என்னை மனநோயாளி என்று நினைக்கிறாரா" என்று கோபப்படாதீர்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகள் நம் உடலிலேயே உண்டு. இந்த மருந்து அவற்றுக்கு வலுவூட்டுகிறது. முதல் இரண்டு வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60. முதல் வாரம் குமட்டல் வரலாம், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். மார்பின்போல அன்றே பலன் தெரியாது. ஆறு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து தீர்ப்பு சொல்வோம். வலி எட்டிலிருந்து ஐந்தரைக்கு வந்தால் வெற்றி என்று கொள்வேன். அசையாவிட்டால் நிறுத்துவோம், அதையும் படிப்படியாகத்தான். தொடங்கும்முன் ரத்த அழுத்தமும் கல்லீரல் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது அடுத்ததைத்தான். நடைக்கு அளவு வைப்பது. நல்ல நாளில் துணி துவைத்து, வீடு துடைத்து, ஒரே நாளில் எல்லாம் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுகிறீர்கள். ஏறி இறங்கும் இந்த ஊஞ்சலே உங்கள் உடலை வலுவிழக்கச் செய்கிறது. நரம்பு மண்டலத்துக்கும் 'அசைந்தால் ஆபத்து' என்று கற்றுக்கொடுக்கிறது. இப்படிச் செய்யுங்கள். மூன்று நாள், வலி ஏறத் தொடங்கும்வரை நடந்து நேரம் குறியுங்கள். 9, 12, 9 நிமிடம் என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, 8 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. நாளுக்கு இரண்டு முறை எட்டு நிமிடம் நடங்கள். வலி குறைந்த நாளிலும் எட்டுதான், கூடிய நாளிலும் எட்டுதான். கடிகாரம்தான் முடிவு செய்ய வேண்டும், வலி அல்ல. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். சிரிப்பு வருகிறதா? பத்து வாரத்தில் அது நாளுக்கு இரண்டு முறை பதினெட்டு நிமிடம். நல்ல நாளில் எட்டோடு நிறுத்துவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இயன்முறை மருத்துவர் உங்களுக்கான முதுகு, இடுப்புப் பயிற்சிகளையும் இதே கணக்கில் அமைத்துத் தருவார். தையலுக்கும் இதே விதி: ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

மூச்சு நிற்பதைப் பற்றித் தூக்கப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறேன். தூங்கும்போது மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பை ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்வார்கள். அதற்குச் சிகிச்சை செய்தால் வலி தாங்கும் திறனும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வலிக்கான உளவியல் நிபுணர் ஒருவரையும் சந்திக்கச் சொல்கிறேன். ஆறேழு சந்திப்புகள், வலி ஏறும்போது உடலும் எண்ணமும் என்ன செய்கின்றன, அந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம் என்பதற்கான பயிற்சி. வலி கற்பனை என்று நிரூபிப்பது அவர் வேலை இல்லை.

இவ்வளவு செய்தும் வலி பொங்கும் நாட்கள் வரும். அன்றைக்குக் கூடுதலாக ஒரு மாத்திரை எடுக்கத் தோன்றும். இப்போதே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்: வெந்நீர்ப் பை இருபது நிமிடம், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கை, வீட்டு வேலையில் பாதி, நடை பாதி, ஆனால் நிறுத்தக் கூடாது. அப்படிப் பொங்கும் வலி பெரும்பாலும் சில நாட்களில் தானாக இறங்கிவிடும்; உங்கள் குறிப்பேட்டிலேயே அது தெரிகிறது.

ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்தையும் வீட்டில் வைத்திருக்கச் சொல்வேன், மூக்கில் அடிக்கும் வடிவில் கிடைத்தால். இது உங்களுக்காக உங்கள் கணவரிடம் இருக்க வேண்டியது. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலமாகியிருந்தால் மருந்தை அடித்துவிட்டு உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நலோக்சோன் கிடைக்காவிட்டாலும் ஆம்புலன்ஸ் அழைப்பு தாமதமாகக் கூடாது. நலோக்சோனின் பலன் மார்பினுக்கு முன்பே தீர்ந்துவிடும், அதனால் கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

பிறகு, நீங்கள் கேட்காத ஒன்று. கூசும் நரம்பு பற்றிய என் சந்தேகம் சரியென்றால், மார்பினைக் குறைப்பதே வலியைக் குறைக்கலாம். இன்று வேண்டாம். டுலோக்செட்டின் வேலை செய்யத் தொடங்கி, நடை நிலைத்து, நீங்களும் சரி என்று சொன்னபின். மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம்: 60, 55, 50. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்று மூச்சு வாங்கலாம். முதல் சில நாள் கொட்டாவி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரலாம், வலியும் கொஞ்சம் ஏறலாம். அது இரண்டு வாரத்தில் அடங்கினால் உடல் பழகுகிறது என்று பொருள். அடங்காவிட்டால் வேகத்தைக் குறைப்போம், அல்லது புப்ரனார்பின் என்ற மாற்று மருந்தைப் பற்றிப் பேசுவோம். கோபத்தில் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தச் சொல்லப்பட்டவர்கள் கடும் தவிப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் ஆளானதால்தான் 2019-இல் மருத்துவர்களுக்கே எச்சரிக்கை வந்தது. முழுமையாக நிறுத்துவதுதான் இலக்கு என்றும் இல்லை. 40-இல் நீங்கள் மறுபடி தைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே நிற்கலாம்.

உங்கள் அக்காவுக்குப் புற்றுநோயின்போது மார்பினைக் கேட்டபோதெல்லாம் கூட்டினார்களே என்று கேட்டீர்கள். சரியாகத்தான் செய்தார்கள். அங்கே நோய் வளர்ந்துகொண்டிருந்தது, மீதமிருந்த நாட்களில் அவருக்கு வலி தெரியாமல் இருப்பதே முதல் நோக்கம். உங்களுக்கு முன்னால் இருப்பது முப்பது ஆண்டுகளாக இருக்கலாம். மருந்தை அத்தனை காலத்துக்கும் கணக்குப்போட வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, வரிசையின் கடைசி இடத்தை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் யாரும் நம்மை அவசரப்படுத்த மாட்டார்கள். நடைக் கணக்கையும், மாலை ஏழுமணி மாத்திரைக்குப் பிறகு கொட்டாவியும் வியர்வையும் எப்படி இருந்தன என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அல்பிரசோலம் அட்டையும் வேண்டும். உங்கள் கணவரை அழைத்து வாருங்கள். அந்தக் குறட்டைக் கதையை அவர் முழுதாகச் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்